ஏப்ரல் 1 முதல் பழைய சாட் இருக்காது

மனிதவளத் துறையிலிருந்து வரும் மெயில்களில் இரண்டுக்குத்தான் அலுவலகத்தில் மவுசு. ஒன்று ஆண்டு விடுமுறைப் பட்டியல், இன்னொன்று சம்பள உயர்வுக் கடிதம். மற்றதெல்லாம் திறந்த வேகத்தில் மூடப்படும். சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில், மார்ச் முதல் வாரத்தில் இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அனைவருக்கும் வணக்கம். நமது தகவல் பாதுகாப்பு நடைமுறைகளைச் சீரமைக்கும் பணியின் ஒரு பகுதியாக, டீம்ஸில் நடக்கும் தனி உரையாடல்களும் குழு உரையாடல்களும் ஏப்ரல் 1 முதல் 90 நாட்கள் மட்டுமே வைத்திருக்கப்படும். அதற்கு மேற்பட்டவை தானாக நீக்கப்படும். முக்கியமான தகவல்களை உரிய இடத்தில் சேமித்துக்கொள்ளவும். சந்தேகங்களுக்கு ஐ.டி. உதவி மையத்தை அணுகவும்.”

கீழே மனிதவள அதிகாரியின் பெயர் இருக்கும். முடிவெடுத்தது பெரும்பாலும் சட்டப் பிரிவும் தகவல் பாதுகாப்புப் பிரிவும்தான். ஊழியர்களுக்குச் சொல்லும் வேலை மட்டும் ஹெச்.ஆர். தலையில் விழுந்திருக்கும். அதனால்தான் பல நேரங்களில் அந்த மெயிலை அனுப்பியவரிடமே போய்க் கேட்டாலும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த நாலு வரியில் ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் தேதிக் கணக்கு. “ஏப்ரல் 1 முதல் 90 நாள்” என்றதும் பலர் என்ன நினைக்கிறார்கள்? இன்றிருக்கும் பழைய சாட் எல்லாம் ஏப்ரல் 1-லிருந்து இன்னும் 90 நாள் இருக்கும், ஜூன் கடைசி வரை அவகாசம் உண்டு என்று. அப்படி இல்லை. டீம்ஸில் ஒவ்வொரு செய்திக்கும் அது எழுதப்பட்ட நாளிலிருந்து வயது கணக்கிடப்படுகிறது. ஏப்ரல் 1 அன்று 90 நாளுக்கு மேல் வயதான எல்லாமே விதிக்குள் வந்துவிடும். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28, மார்ச்சுக்கு 31, மொத்தம் 90. ஆக, ஜனவரி 1-க்கு முன்னால் எழுதியதெல்லாம், அது போன டிசம்பரோ நாலு வருடத்துக்கு முந்தைய கொரோனாக் காலத்து அரட்டையோ, ஒரே வீச்சில் போய்விடும். நிறுவனம் தனியாக விதி எதுவும் போடாத வரை டீம்ஸ் சாட்டுக்குக் காலக்கெடு கிடையாது. இத்தனை வருடமாக எல்லாம் அப்படியே கிடந்ததால், கிடப்பதுதான் இயல்பு என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

ஏப்ரல் 1 காலையில் திறந்து பார்த்துவிட்டு, “அப்படியேதான்டா இருக்கு, சும்மா மிரட்டியிருக்காங்க” என்று சொல்பவர்களும் இருப்பார்கள். விதியை நிர்வாகி அமைத்த பிறகு அது எல்லாக் கணக்குகளுக்கும் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். காலாவதியான செய்திகளைத் தேடி எடுக்கும் நிரல் பின்னணியில் ஓடுகிறது. அது ஒரு செய்தியை வந்து தொட ஒரு நாளும் ஆகலாம், ஏழு நாளும் ஆகலாம். தொட்டதும் செய்தி திரையிலிருந்து மறையும். ஆனால் உடனே அழியாது. நாம் டீம்ஸில் தட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நகல், உரையாடலில் இருக்கும் ஒவ்வொருவரின் அலுவலக மெயில் பெட்டியிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்புறையில் சேர்ந்துகொண்டே வருகிறது. திரையிலிருந்து மறையும் செய்தி, அதே மெயில் பெட்டிக்குள் SubstrateHolds என்ற இன்னொரு மறைவான கோப்புறைக்கு மாற்றப்படும். அங்கே குறைந்தது ஒரு நாள் இருந்துவிட்டு, அந்த நிரல் அடுத்த முறை வரும்போது நிரந்தரமாக அழியும். அந்தக் கோப்புறைக்குள் நம்மால் எட்டிப்பார்க்க முடியாது, உரிய அனுமதி பெற்ற நிர்வாகியால் தேட முடியும். இந்தச் சில நாள் தாமதத்தை ஊழியர் தனக்குக் கிடைத்த அவகாசமாக எண்ணக் கூடாது, எந்தச் செய்தி எந்த நாளில் போகும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

அடுத்து, “வைத்திருக்கப்படும்” என்ற சொல். பார்ப்பதற்கு அப்பாவியாக இருக்கிறது. உண்மையில் நிர்வாகியின் திரையில் இதற்கு இரண்டு வேறு வேறு அமைப்புகள் உண்டு. ஒன்று, 90 நாள் கட்டாயம் காத்து, பிறகு அழிப்பது. இதில் அனுப்பியவரே தன் செய்தியை அடுத்த நிமிடம் நீக்கினாலும், திருத்தி எழுதினாலும், மறைவான கோப்புறையில் பழைய வடிவம் 90 நாள் முடியும் வரை இருக்கும். இன்னொன்று, 90 நாள் ஆனதும் அழிப்பது, அவ்வளவுதான். இதில் அனுப்பியவர் இடையிலேயே நீக்கிவிட்டால், 90 நாள் முடியும் வரை அதைப் பிடித்துவைக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. மெயிலில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வரும். ஐ.டி. உதவி மையத்திடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு என்றால், நான் இதைத்தான் கேட்பேன்.

மூன்றாவது, “உரையாடல்கள்” என்று மெயில் சொல்வது எதை என்பது. சேனலில் போடும் பதிவுகளுக்குத் தனி விதி, அதைப் பற்றி இந்த மெயில் எதுவும் சொல்லவில்லை. சாட்டில் அனுப்பிய எக்செல் கோப்பு சாட்டுக்குள் இருப்பதே இல்லை. அனுப்பியவரின் ஒன்டிரைவில் Microsoft Teams Chat Files என்ற கோப்புறையில் இருக்கிறது. சாட் அழிந்தாலும் கோப்பு அங்கேயே இருக்கும், அதற்குப் போகும் வழிதான் நமக்குத் தெரியாமல் போகும். அனுப்பியவர் வேலையை விட்டுப் போனாலோ கதை வேறு. அவர் கணக்கு நீக்கப்பட்ட பிறகு, நிறுவனம் மாற்றி அமைக்காதவரை, 30 நாளில் அந்த ஒன்டிரைவும் போய்விடும். இதையெல்லாம் “உரிய இடத்தில் சேமித்துக்கொள்ளவும்” என்ற ஒரே வாக்கியம் தாண்டிப் போய்விட்டது.

சரி, நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது? காபி மெஷின் பக்கத்தில் கிடைக்கும் விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: “எதையோ மறைக்கிறாங்க.” அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நமது நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவை எதற்காகப் பெற்றோமோ அந்த வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது. சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை மட்டும் விலக்கு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. வாடிக்கையாளரின் போன் நம்பர், யாரோ ஒருவரின் ஆதார் நகல், உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டவர் அனுப்பிய மருத்துவச் சீட்டு என்று சாட்டுக்குள் புதைந்து கிடப்பவை ஏராளம். யாரிடம் என்ன இருக்கிறது என்று தேடிக் களைவதைவிட, மொத்தத்துக்கும் ஒரு காலக்கெடு வைப்பது நிறுவனத்துக்குச் சுலபம். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், வழக்கு. அமெரிக்க நீதிமன்றங்களில் ஒரு தரப்பு கேட்டால் மறுதரப்பு தன் உள் ஆவணங்களைத் தேடிக் கொடுத்தாக வேண்டும். பத்து வருட சாட்டை வக்கீல்களை வைத்துப் படித்துப் பிரிக்க ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் குறைவாக வைத்திருப்பதையே நிறுவனங்கள் விரும்புகின்றன. இதில் தவறு இல்லை. ஆனால் ஒரு எல்லை உண்டு. வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் நிலை வந்துவிட்டால், அந்தக் கணத்திலிருந்து தொடர்புடைய எதையும் அழிய விடக் கூடாது.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுள் ஒரு பாடம். போர்ட்நைட் விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ், ஆண்ட்ராய்டு செயலிக் கடை விஷயத்தில் 2020 ஆகஸ்டில் கூகுள் மீது வழக்குப் போட்டது. கூகுளின் உள் சாட்டில் உரையாடலைச் சேமிப்பதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அணைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். இருவர் மட்டும் பேசும் சாட்டில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. வழக்கு வந்த பிறகும் நிறுவனம் எல்லோருக்கும் அதைப் போட்டுவிடவில்லை. எதைச் சேமிப்பது என்பதை அந்தந்த ஊழியரின் முடிவுக்கே விட்டுவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ, ஆதாரங்களைக் காக்கும் கடமையில் கூகுள் தவறிவிட்டது என்று 2023 மார்ச்சில் சொன்னார். அந்த நவம்பரில் நடந்த விசாரணையில், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையே சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட் விவகாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காணாமல் போன உரையாடல்களில் கூகுளுக்குப் பாதகமானது இருந்திருக்கும் என்று ஜூரிகள் விரும்பினால் ஊகித்துக்கொள்ளலாம் என்று அனுமதி தரப்பட்டது. டிசம்பரில் தீர்ப்பு எபிக் பக்கம் வந்தது.

அங்கே பிரச்சினை நிறுவனத்துக்கு. நம் ஊழியருக்குப் பிரச்சினை வேறு திசையிலிருந்து வருகிறது. 90 நாள் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அலுவலகங்களில் போஷ் சட்டம் என்பார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது அதன் 9-வது பிரிவு. தொடர்ந்து நடந்தது என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். உரிய காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித்துத் தரலாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெண் ஊழியருக்கு அவருடைய டெலிவரி மேனேஜர் நவம்பர் நடுவிலிருந்து ராத்திரி நேரங்களில் டீம்ஸில் தனியாகச் செய்தி அனுப்புகிறார். முதலில் “தூங்கிட்டியா?” என்று ஆரம்பிக்கிறது. அடுத்து உடை பற்றி ஒரு வரி. டிசம்பரில் மூன்று தடவை, வெளியே சந்திக்கலாமா என்று. ஜனவரி 10 அன்று இரவு, வெளிப்படையாகவே ஆபாசமாக ஒன்று. அதற்கு மேல் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறார், அவனும் நிறுத்திக்கொள்கிறான். அப்ரைசல் நேரம், வீட்டில் சொல்லவும் தயக்கம். மார்ச் முழுக்க யோசனையிலேயே போகிறது.

சட்டப்படி அவருக்கு ஏப்ரல் 10 வரை நேரம் இருக்கிறது. கடைசிச் சம்பவம் ஜனவரி 10, அதிலிருந்து மூன்று மாதம். நவம்பரில் தொடங்கிய எல்லாமே அந்தப் புகாருக்குள் அடங்கும், ஏனென்றால் சட்டம் தொடர் சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. மென்பொருள் அப்படிச் சேர்த்துப் பார்க்காது. அதற்கு ஒவ்வொரு வரியும் தனி. ஏப்ரல் 1 அன்று விதி அமலுக்கு வந்ததும் நவம்பர், டிசம்பர்ச் செய்திகள் அத்தனையும் காலாவதி. மிஞ்சுவது ஜனவரி 10-ஆம் தேதிச் செய்தி ஒன்றுதான். அதற்கும் ஏப்ரல் 10 அன்று 90 நாள் முடிகிறது. புகார் கொடுக்கக் கடைசி நாளும் ஆதாரம் காலாவதியாகும் நாளும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. குழு கூடுதல் அவகாசம் தந்து அவர் ஜூனில் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நடுவே மிஞ்சிய அந்த ஒற்றைச் செய்தியைத் தனியாக எடுத்துப் பார்த்தால், “ஒருநாள் ஏதோ போதையில் அனுப்பிவிட்டேன்” என்று அவன் சொல்லிவிட முடியும். அப்படி இல்லை என்று காட்டுவது அழிந்துபோன அந்த நவம்பர், டிசம்பர் வரிகள்தான்.

விஷயம் புகாரோடு முடிவதுமில்லை. விசாரணையை முடிக்கக் குழுவுக்கு 90 நாள். அறிக்கை தர 10 நாள். பரிந்துரையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இரு தரப்புக்கும் 90 நாள். எல்லாம் நேரத்துக்கு நடந்தாலே சம்பவ நாளிலிருந்து ஒன்பது மாதம் தாண்டிவிடும். சாட்டை மூன்று மாதத்தில் அழிக்கும் நிறுவனம், இந்தச் சட்டத்தின் காலக்கெடுக்களை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஒரு வருடம் என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லை, தரவுச் சட்டத்துக்கும் அந்த ஒரு வருடத்துக்கு எழுத்தில் காரணம் காட்டலாம்.

இதற்கு ஒரு தடுப்பு டீம்ஸிலேயே இருக்கிறது. நிர்வாகி குறிப்பிட்ட ஒருவரின் மெயில் பெட்டியை நிறுத்திவைப்பில் போடலாம், ஆங்கிலத்தில் ஹோல்டு என்பார்கள். அதன் பிறகு 90 நாள் விதி திரையிலிருந்து செய்தியை எடுத்தாலும், மறைவான கோப்புறையிலிருந்து அழிக்க முடியாது. அழிப்பதும் காப்பதும் மோதினால் காப்பதே ஜெயிக்கும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் விதி. பின்னாளில் குழு கேட்டால் தேதியோடு எடுத்துத் தரலாம். ஆனால் ஏற்கெனவே நிரந்தரமாக அழிந்ததை ஹோல்டு திருப்பிக் கொண்டுவராது. அதனால்தான் மெயில் வந்ததற்கும் ஏப்ரல் 1-க்கும் இடைப்பட்ட வாரங்கள் அந்தப் பெண்ணுக்கு முக்கியம். முழுப் புகாரை எழுதும் மனநிலையில் அவர் இல்லாமல் இருக்கலாம். உள்புகார்க் குழுவின் தலைவருக்கு நாலு வரி எழுதினால் போதும்: இன்னாருக்கும் எனக்கும் இடையே நவம்பர் 1 முதல் நடந்த டீம்ஸ் தனி உரையாடலைத் தானியங்கி நீக்கத்திலிருந்து நிறுத்திவைக்கவும், இருவரின் மெயில் பெட்டிகளிலும்; புகார் பிறகு தருகிறேன்; நிறுத்திவைத்த தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். கடைசி வேண்டுகோளை விட்டுவிடக் கூடாது. “பார்த்துக்கிறோம்மா” என்ற வாய் வார்த்தையில் எந்த நாளும் நிற்காது.

ஸ்கிரீன்ஷாட் போதாதா என்பார்கள். எடுத்து வைப்பது நல்லதுதான், விதிகளின்படி புகாரின் ஆறு நகல்களோடு ஆதார ஆவணங்களையும் சேர்த்துத் தர வேண்டும், அதற்கு உதவும். ஆனால் சமீபத்திய செய்திக்கு டீம்ஸ் மணியை மட்டுமே காட்டும், தேதி இருக்காது. அனுப்பியவர் பெயரும் முன்பின் வரிகளும் முழுத் தேதியும் படத்தில் வரும்படி எடுக்க வேண்டும். செய்தியின் இணைப்பை நகலெடுத்து வைப்பதில் பயன் இல்லை, செய்தி போனால் இணைப்பு வெறும் கூடு. படத்தைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பும்போதும் கவனம் வேண்டும். நடுவில் வாடிக்கையாளர் தகவல் இருந்துவிட்டால், பாதுகாப்பு விதியை மீறியதாக அவர் மீதே நடவடிக்கை பாயும். படத்தை மறுத்து, “இது போட்டோஷாப்” என்று எதிர்த்தரப்பு சொன்னால் சர்வரிலிருந்து எடுத்த நகல்தான் பேசும். சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைத் தரச் சொல்லவும் உள்புகார்க் குழுவுக்கு ஒரு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஐ.டி. பிரிவிடம் அந்த நகலைக் கேட்க அது போதும். விவகாரம் நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் சர்வர் நகலுக்கு வாங்குவதுதான் எளிது.

எல்லோருக்கும் இப்படி ஒரு நெருக்கடி இருக்காது. அவர்கள் இழப்பது சின்னச் சின்ன ஒப்புதல்களை. சனிக்கிழமை வேலைக்கு மாற்று விடுப்பு தருகிறேன் என்று மேனேஜர் போட்ட கட்டைவிரல் எமோஜி, ஊக்கத்தொகை பற்றிய வாக்குறுதி, நோட்டீஸ் காலத்தைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன வரி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி தொழிலாளர் நீதிமன்றம் போக முன்பு மூன்று வருடம் வரை அவகாசம் இருந்தது, சாட்டுக்கோ மூன்று மாதம். இப்படிப்பட்ட ஒப்புதல் கிடைத்த அன்றே, “சார், சாட்டில் நீங்கள் சொன்னபடி, மார்ச் 14 சனிக்கிழமைக்கு ஈடாக 20-ஆம் தேதி விடுப்பு எடுக்கிறேன்” என்று ஒரு மெயில் தட்டிவிடுவதுதான் வழி. மெயிலுக்கு இந்த 90 நாள் விதி இல்லை, அதற்கான காலக்கெடு தனி. அது எத்தனை நாள் என்பதையும் அந்த ஹெச்.ஆர். மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்டுவிடலாம், எல்லோருக்கும் போகும் பதிலாக இல்லாமல் அனுப்பியவருக்கு மட்டும்.